பொண்ணு பார்த்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி என்ன மெசேஜ் போடணும்: விருப்பம் தெரியணும், வாக்கு மட்டும் போயிறக் கூடாது

எங்க தம்பி மகனுக்கு பொண்ணு பார்க்க தேவகோட்டையில இருந்து கானாடுகாத்தான் போயிட்டு வந்தோம், வந்த அன்னைக்கு சாயங்காலம் தம்பி போனை கையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், அவுகளுக்கு ஒரு மெசேஜ் போடணும், என்ன எழுதுறதுன்னு தெரியல. அவன் எழுதுனதை அடிச்சு அடிச்சு கடைசியா ஒண்ணு அனுப்புனோம். அதுக்கு அப்புறம் சொந்தத்துல நாலஞ்சு வீட்டுல இதே கேள்வியோட என்கிட்ட வந்துட்டாங்க, அதனால அன்னைக்கு நாங்க என்ன செஞ்சோம் ஏன் செஞ்சோம்னு ஒண்ணு விடாம எழுதிடுறேன். நான் சொல்றது நம்ம செட்டிநாட்டுப் பக்கம், நகரத்தார் வீட்டு வழக்கத்தை வச்சு. ஜாதகம் பொருந்தி, கோயில் பார்த்து, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு பெரியவர் இருந்து, முதல் தடவையா வீட்டுக்குப் போய் பார்த்துட்டு வந்திருக்கோம், நமக்குப் பிடிச்சிருக்கு. இந்த இடத்துல நிக்கிறவங்களுக்குத்தான் இது.

முன்னெல்லாம் இந்த மெசேஜே கிடையாது. நடுவுல இருக்குற பெரியவர் ரெண்டு நாள் கழிச்சு போய் "அவுகளுக்கு மனசுக்குப் பிடிச்ச மாதிரிதான் தெரியுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு, அந்த "தெரியுது"ங்கிற வார்த்தைக்குள்ள எல்லாமே இருக்கும், விருப்பமும் இருக்கும், நாளைக்கு வேண்டாம்னா ஒதுங்கிக்க இடமும் இருக்கும். இப்போ நேரா ரெண்டு வீட்டுக்கும் நம்பர் இருக்கு, மெசேஜ் போடலன்னா "வந்து சாப்பிட்டுட்டுப் போனாங்க, ஒரு வார்த்தை இல்ல"ன்னு ஆயிடுது. போட்டாலோ அது எழுத்துல நின்னுடுது, பெரியவர் வாயில சொன்ன மாதிரி பக்குவமா கரைஞ்சு போகாது. அதனால அந்த "தெரியுது"வை எழுத்துல எப்படி கொண்டு வர்றதுங்கிறதுதான் இங்க முழு வேலையும்.

முதல்ல பையன்கிட்ட கேளுங்க

மெசேஜ் எழுதுறதுக்கு முன்னாடி பையன் மனசு தெரியணும். இதை வர்ற வழியில கார்ல எல்லாரும் இருக்கும்போது கேக்காதீங்க, அப்பத்தா ஒரு பக்கம் சித்தப்பா ஒரு பக்கம்னு உட்கார்ந்திருந்தா எந்தப் பையனும் "ம்"னுதான் சொல்லுவான், அந்த "ம்"மை நம்பி மெசேஜ் போட்டுட்டு மறுநாள் அவன் "எனக்கு யோசிக்கணும்"னு சொன்னா அசிங்கம் நமக்கு மட்டும் இல்ல, அந்தப் பொண்ணு வீட்டுக்கும். வீட்டுக்கு வந்து முகம் கழுவி காபி குடிச்சதும் தனியா ஒருத்தர் மட்டும் கேக்கணும். எங்க வீட்டுல நான்தான் கேட்டேன், அயித்தைகிட்ட சொல்றது அவனுக்கு அப்பச்சிகிட்ட சொல்றதை விட சுலபமா இருந்துச்சு, அப்பாவை நாங்க அப்பச்சின்னுதான் சொல்லுவோம். "பேசணும்னு தோணுது அயித்தை, இன்னும் ஒரு தடவை பேசணும்"னான். அவன் சொன்னது அவ்வளவுதான். மெசேஜ்லயும் அவ்வளவுதான் போகணும், அதுக்கு மேல ஒரு படி கூட ஏத்தக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பையன் "தெரியல"ன்னு சொன்னா என்ன பண்றது? அப்பவும் அன்னைக்கே நன்றி மெசேஜ் போடணும், விருப்பம் சொல்ற வரியை மட்டும் எடுத்துட்டு, நல்லபடியா வந்து சேர்ந்தோம், நல்லா கவனிச்சீங்க, சந்தோஷம்னு மூணு வரியில நிறுத்திக்கலாம். விருப்பத்தை ரெண்டு நாள் கழிச்சு கூட சொல்லிக்கலாம், வந்து சேர்ந்த செய்தியை ரெண்டு நாள் கழிச்சு சொல்ல முடியாது.

நடுவுல இருக்குற பெரியவருக்கு போன்

இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. சம்பந்தம் சொன்னவருக்குத் தெரியாம நேரா பொண்ணு வீட்டுக்கு மெசேஜ் போயிட்டா, அவுக அவருக்கு போன் பண்ணி "மாப்பிள்ளை வீட்டுல இருந்து இப்படி வந்திருக்கே"ன்னு கேப்பாங்க, அவரு "அப்படியா"ன்னு முழிப்பாரு. நாளைக்கு பேச்சு வார்த்தையில சின்னதா ஒரு சிக்கல் வந்தா அதை அவிழ்க்கப் போறது அவருதான். அதனால முதல்ல அவருக்கு போன், மெசேஜ் இல்ல, போன். "வந்து சேர்ந்துட்டோம், எங்களுக்கு மேற்கொண்டு பேச விருப்பம், அண்ணனுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டு வைக்கிறோம், புதன்கிழமை நீங்க பேசுங்க"ன்னு சொன்னா போதும். பத்து நிமிஷம் கூட ஆகாது. அன்னைக்கு அவரு ஒரு தகவலும் சொன்னாரு, பொண்ணோட அப்பச்சி வாட்ஸ்அப் அவ்வளவா பார்க்க மாட்டாரு, ஆத்தாதான் பார்ப்பாங்கன்னு. இந்த மாதிரி விஷயம் அவரைக் கேட்டாத்தான் தெரியும்.

எந்த நேரத்துக்கு

அன்னைக்கு ராத்திரிக்குள்ள போயிடணும். மறுநாள் காலைன்னா அதுவே "யோசிச்சுட்டு போட்டிருக்காங்க"ன்னு ஆயிடும். ஆனா வீட்டு வாசல்ல கார் ஏறுன உடனே போடுறதும் வேண்டாம், பையன்கிட்டயே கேக்காம போட்டதுன்னு தெரிஞ்சுடும்.

நம்ம வீடுகள்ல பெரியவங்க நேரம் பார்ப்பாங்க, நீங்க நம்புறீங்களோ இல்லையோ அந்தப் பக்கம் ஒரு அப்பத்தா மெசேஜ் வந்த நேரத்தை பார்த்து கணக்கு போடுவாங்க. நாங்க போனது ஞாயித்துக்கிழமை. ஞாயிறு ராகு காலம் சாயங்காலம் 4:30-லேர்ந்து 6 மணி வரைக்கும், அதனால நாலு மணிக்கே கிளம்பிட்டோம், மெசேஜை ஏழு மணிக்கு மேல போட்டோம். சனிக்கிழமை போறவங்களுக்கு ராகு காலம் காலை 9-லேர்ந்து 10:30, எமகண்டம் மத்தியானம் 1:30-லேர்ந்து 3, சாயங்காலம் முழுசா கிடைக்கும். ராத்திரி ஒம்போது மணிக்கு மேல போட வேண்டாம், வயசானவங்க படுத்துருப்பாங்க, போன் சத்தம் கேட்டா என்னமோ ஏதோன்னு பதறிடுவாங்க.

யார் எழுதி, யாருக்கு

அப்பச்சிகிட்ட இருந்து அப்பச்சிக்கு, ஆத்தாகிட்ட இருந்து ஆத்தாவுக்கு. ரெண்டும் தனித்தனி மெசேஜா, வேற வேற மாதிரி இருக்கணும். ஒரே மெசேஜை ரெண்டு பேருக்கும் அனுப்புனா அவுக ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உட்கார்ந்து படிப்பாங்க, "அதே தான் உங்களுக்கும் வந்திருக்கா"ன்னு கேக்கும்போது நம்ம வார்த்தைக்கு இருக்குற மதிப்பு போயிடும். இன்னொண்ணு, ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் போனுக்கு அனுப்பி அங்க இருந்து அப்படியே தள்ளி விட்டா மேல ஃபார்வேர்டட்னு வந்துடும். காப்பி பண்ணி ஒட்டுங்க, இல்லன்னா அந்தப் போன்லயே அடிங்க.

கூப்பிடுற முறை முக்கியம். தம்பி முதல்ல "மதிப்பிற்குரிய ஐயா"ன்னு ஆரம்பிச்சிருந்தான். நம்ம வீடுகள்ல ஐயான்னா அப்பச்சியோட அப்பச்சி. பொண்ணோட அப்பச்சிக்கு இவனை விட ரெண்டு மூணு வயசுதான் கூட, "அண்ணே"ன்னுதான் அங்க நேர்ல பேசிக்கிட்டு இருந்தான். நேர்ல எப்படி கூப்பிட்டோமோ அதேதான் எழுத்துலயும். பொண்ணோட ஆத்தாவை தம்பி பொண்டாட்டி "ஆச்சி"ன்னுதான் கூப்பிட்டா, அதே போதும். "சம்பந்தி"ன்னு மட்டும் தயவுசெஞ்சு எழுதிடாதீங்க, ஆசையில வர்றதுதான், ஆனா அது பேசி முடிச்சதுக்கு அப்புறம் வர வேண்டிய வார்த்தை, முன்னாடியே எழுதுனா அந்தப் பக்கம் நெருக்குற மாதிரி இருக்கும்.

தமிழ்லயே அடிங்க, இங்கிலீஷ் எழுத்துல தமிழ் வேண்டாம், அந்த வீட்டு அப்பத்தாவும் கண்ணாடி போட்டுக்கிட்டு படிப்பாங்க.

அப்புறம் அந்த மெசேஜை ஒருத்தர் மட்டும் படிப்பாங்கன்னு நினைக்காதீங்க. பங்காளி வீடு, பொண்ணோட அம்மான் வீடு, சிங்கப்பூர்ல இருக்குற சின்னம்மான்னு ஸ்க்ரீன்ஷாட் போகும், இருவது பேராவது பார்ப்பாங்க. அந்த இருவது பேரும் படிச்சாலும் பொண்ணுக்கு ஒரு சங்கடமும் வரக் கூடாது, இந்த சம்பந்தம் நடக்காமப் போனாலும் வரக் கூடாது. இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி தப்பு தானா நின்னுடும்.

தம்பி எழுதுன முதல் மெசேஜ்

இதுதான் அவன் எழுதி என்கிட்ட காட்டுனது:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்று தங்கள் இல்லத்தில் எங்களுக்கு அளித்த சிறப்பான வரவேற்பிற்கும் விருந்தோம்பலுக்கும் மனமார்ந்த நன்றி. தங்கள் இல்லம் அரண்மனை போல் உள்ளது. தங்கள் மகளை எங்கள் அனைவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. வீட்டில் கலந்து பேசி விரைவில் தெரிவிக்கிறோம்."

நல்ல மனசோட எழுதுனதுதான். ஆனா ஒவ்வொரு வரியிலயும் ஒரு முள்ளு இருக்கு.

முதல் வரி பேங்க்ல இருந்து வர்ற லெட்டர் மாதிரி இருக்கு. "மனமார்ந்த நன்றி"ன்னா நம்ம ஊர்ப் பக்கம் கணக்கை முடிச்ச மாதிரி ஆயிடும், மேடையில பொன்னாடை போர்த்திட்டு சொல்றது அது. சொந்தமாகப் போற வீட்டுக்கு "சந்தோஷமா இருந்துச்சு", "மனசு நிறைஞ்சுது"ன்னு சொன்னாத்தான் அது நன்றி.

"அரண்மனை போல்." செட்டிநாட்டு வீட்டைப் பத்தி தெரிஞ்சவங்க இதை எழுத மாட்டாங்க. அந்தப் பெரிய வீடு பெரும்பாலும் அவுக ஒருத்தருக்கு சொந்தம் கிடையாது, எத்தனையோ புள்ளிக்குப் பங்கு இருக்கும், ஓடு மாத்துறதுல இருந்து வெள்ளை அடிக்கிறது வரைக்கும் பங்காளிகளுக்குள்ள பேச்சு இருக்கும், சில வீட்டுல அதுவே பெரிய மனக்கஷ்டம். அதோட வீட்டோட அளவைப் பேசுனா வசதியை எடை போட்டுட்டு வந்த மாதிரி ஆயிடும். வீட்டைப் பத்தி சொல்லணும்னா முகப்புல உட்கார்ந்து காத்து வாங்குனது, ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரையில வெறுங்காலோட நடந்தப்ப இருந்த குளிர்ச்சின்னு நாம அனுபவிச்சதைச் சொல்லலாம். அளவைப் பத்தி வேண்டாம்.

"எந்த எதிர்பார்ப்பும் இல்லை." இதுல தம்பிக்கு என் மேல கோபமே வந்துடுச்சு, நல்லதுதானே எழுதியிருக்கேன்னு. நல்ல எண்ணம்தான், ஆனா யாரும் கேக்காத இடத்துல எதிர்பார்ப்புங்கிற வார்த்தையை நாமே கொண்டு வந்து வச்சா, பணம் நகைப் பேச்சை நாம ஆரம்பிச்ச மாதிரிதான் அந்தப் பக்கம் தோணும், "எதையோ மனசுல வச்சுக்கிட்டு சொல்றாங்களோ"ன்னு யோசிப்பாங்க. 1961-ல வந்த வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேக்குறதே குத்தம், அந்தப் பேச்சோட நிழல் கூட இந்த மெசேஜ் மேல விழ வேண்டாம். வேண்டாங்கிறதை செய்முறை பேச்சு வர்ற அன்னைக்கு நேர்ல, வாய் விட்டு தெளிவா சொல்லுங்க, அதுக்குத்தான் மதிப்பு.

"எங்கள் அனைவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது." பையன் சொன்னது "இன்னும் ஒரு தடவை பேசணும்"னு. இது அதை விட நாலு படி மேல ஏறிடுச்சு. நாளைக்கு எந்தக் காரணத்துக்காவது நின்னா, "பிடிச்சிருச்சுன்னு எழுதுனாங்களே, அப்புறம் என்ன குறை கண்டாங்க"ன்னு ஊர் பேசுறது அந்தப் பொண்ணைத்தான். அதோட இது ஒரு பக்கமா இருக்கு, எங்களுக்குப் பிடிச்சிருக்குன்னா முடிஞ்சிடுச்சா, அவளுக்குப் பிடிச்சிருக்கான்னு யாரு கேட்டா?

கடைசி வரிதான் எல்லாத்தையும் கவுத்துடும். "வீட்டில் கலந்து பேசி விரைவில் தெரிவிக்கிறோம்." நம்ம பக்கம் இதுக்கு ஒரே அர்த்தம்தான், வேண்டாம்னு அர்த்தம். ஜாதகத்தை இன்னொரு இடத்துல காட்டணும்னு சொல்றதும் அதே மாதிரிதான். தம்பி உண்மையிலேயே கலந்து பேசத்தான் நினைச்சான், ஆனா அந்த வரியை படிச்ச உடனே அந்த வீட்டுல முகம் வாடியிருக்கும். மேல பிடிச்சிருச்சுன்னு இருக்கு, கீழ வேண்டாம்ங்கிற மாதிரி இருக்கு, எதை நம்புறதுன்னு ராத்திரி முழுக்க குழம்பியிருப்பாங்க.

அப்போ விருப்பத்தை எப்படித்தான் சொல்றது

எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வழியில சொல்லணும், ரெண்டும் சேர்ந்து வரணும்.

ஒண்ணு, அந்த வீட்டுல நடந்த ஒரே ஒரு விஷயத்தை எடுத்து சொல்றது. வேற எந்த வீட்டுக்கும் அனுப்ப முடியாததா அது இருக்கணும். அன்னைக்கு அந்த வீட்டு அப்பத்தா பட்டாலையில உட்கார்ந்து அவுக ஐயா பினாங்குக்கு கொண்டு விக்கப் போன கதையை சொன்னாங்க, கப்பல்ல போனது, மூணு வருஷம் கழிச்சு வந்தப்ப புள்ளைக்கு அவரை அடையாளம் தெரியாம அழுததுன்னு. எங்க ஆத்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டு கேட்டாங்க. அதைத்தான் எடுத்தோம். பொண்ணைப் பத்தி பாராட்டி எழுதுறதை விட அந்த வீட்டுப் பெரியவங்களை நினைவு வச்சிருக்கோம்னு தெரியுறது நூறு மடங்கு பேசும், அதுல யாருக்கும் சங்கடமும் இல்ல. பொண்ணோட அழகு, கலர், உயரம், உடுத்தியிருந்த சேலை, இது எதுவும் வேண்டவே வேண்டாம், நல்லதா சொன்னாலும் வேண்டாம். பேசுனது, படிச்சது, வேலை, அதைச் சொல்லலாம்.

ரெண்டாவது, நாள் சொல்றது. "விரைவில்"னு எழுதாம கிழமையை எழுதுங்க, யார் பேசுவாங்கன்னும் எழுதுங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்க நாள் சொல்ல மாட்டாங்க, இது எல்லாருக்கும் தெரியும். அதனால கிழமை சொன்னாலே விருப்பம் புரிஞ்சிடும், பிடிச்சிருச்சுன்னு தனியா எழுத வேண்டியதே இல்ல. நாங்க புதன்கிழமை எடுத்தோம். செவ்வாய் நல்ல பேச்சுக்கு எடுக்க மாட்டாங்க, திங்கள்ன்னா அவசரம். புதன் எமகண்டம் காலை 7:30-லேர்ந்து 9, ராகு காலம் மத்தியானம் 12-லேர்ந்து 1:30, நடுவுல ஒம்போதரை மணி சரியா இருந்துச்சு. மூணு நாள்ல அவுக வீட்டுலயும் பேசிக்க நேரம் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப் போட்டா அந்த நாளுக்கு அர்த்தம் போயிடும்.

இதோட பொண்ணு மனசைக் கேக்கச் சொல்ற ஒரு வரி கட்டாயம். இது மரியாதைக்காக மட்டும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுல இருந்தே அப்படி எழுதி வந்தா, அந்த வீட்டுல பொண்ணு வாயைத் திறந்து தன் மனசுல இருக்குறதை சொல்ல ஒரு இடம் கிடைக்கும்.

கடைசியா அனுப்புனது

"அண்ணே வணக்கம். தேவகோட்டையில இருந்து எழுதுறேன். நல்லபடியா வீடு வந்து சேர்ந்துட்டோம்.

இன்னைக்கு நீங்களும் ஆச்சியும் எங்களை உட்கார வச்சு பேசுனது மனசுக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு. அப்பத்தா சொன்ன பினாங்கு கதையை வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தோம். மிச்சத்தை இன்னொரு நாள் வந்து கேக்கணும்னு எங்க ஆத்தா சொல்லச் சொன்னாங்க.

உங்க மகள்கிட்ட பேசுனது எங்க மகனுக்கு சந்தோஷம். மேற்கொண்டு பேச எங்களுக்கு விருப்பம் இருக்கு. உங்க மகள் மனசையும் நிதானமா கேட்டுக்கங்க. புதன்கிழமை காலையில ஒம்போதரை மணி போல பெரியவர் உங்களைக் கூப்பிடுவாரு. நடுவுல எதுவும் கேக்கணும்னா எனக்கே கூப்பிடுங்க அண்ணே."

உங்க வீட்டு விலாசத்தை, அதான் பேருக்கு முன்னாடி போடுற இனிஷியல் எழுத்தை, ஊர் பேரோட சேர்த்து எழுதுங்க, நாங்களும் எழுதுனோம், இங்க எடுத்துட்டேன். ஒரே மாசத்துல ரெண்டு மூணு வீட்டுல இருந்து வந்து பார்த்துட்டுப் போயிருப்பாங்க, நம்பர் சேவ் பண்ணாம இருந்தா யாருன்னு தேடுவாங்க, விலாசம் இருந்தா ஒரு குழப்பமும் இல்ல.

"இன்னொரு நாள் வந்து கேக்கணும்"ங்கிற வரியை நல்லா கவனிங்க. போயிட்டு வர்றோம்னு சொல்லிட்டு கிளம்புறோம்ல, அதேதான் இது. திரும்ப வர ஆசைன்னு சொல்லியாச்சு, ஆனா எதுக்கு வர்றோம்னு சொல்லல.

ஆத்தா மெசேஜ் இதை விட சின்னது, சாப்பாட்டைப் பத்தி:

"ஆச்சி, வந்து சேர்ந்துட்டோம். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய் சட்னியும் இன்னும் நாக்குலயே நிக்குது. எனக்கு எப்பவும் எண்ணெய் குடிச்சிருது, உங்க வீட்டுப் பக்குவத்தை ஒரு நாள் கேட்டுக்கணும் ஆச்சி."

வெள்ளைப் பணியாரம் போட்டவங்களுக்குத் தெரியும், பச்சரிசியை அளந்து அதே டம்ளர் மேல கோபுரமா உளுந்து வச்சு சேர்த்து ஊறப்போட்டு ஆட்டணும், உளுந்து கொஞ்சம் கூடுனாலே எண்ணெய் குடிச்சிரும், அதனால பக்குவம் கேக்குறது வெறும் பேச்சுக்கு இல்ல. ஒரே எச்சரிக்கை, "உங்க மகள் செஞ்ச பணியாரம்"னு எழுதிடாதீங்க. பல வீட்டுல சமையலுக்கு ஆள் வச்சு செஞ்சிருப்பாங்க. அவுக சொல்லாததை நாம சேர்த்து பாராட்டுனா பொண்ணுக்கு சமைக்கத் தெரியுமான்னு நாம சோதிக்கிற மாதிரி போயிடும்.

அனுப்புறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் வாய் விட்டு படிங்க. எழுத்துப்பிழையோட போயிட்டா பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணிக்கலாம், ஆனா அதை அழிச்சு திரும்ப போடாதீங்க, அழிச்ச தடம் அங்க நிக்கும், என்ன எழுதி அழிச்சாங்களோன்னு ஒரு கதை ஓடும். ஹார்ட் எமோஜி, ரோஜாப்பூ, பிள்ளையார் படம் எதுவும் வேண்டாம், கும்பிடுற கை ஒண்ணு போதும். அங்க எடுத்த போட்டோ இருந்தா அனுப்ப வேண்டாம், ஸ்டேட்டஸ்ல கண்டிப்பா வேண்டாம், கூட வந்த சின்னப் பசங்க போன்லயும் ஒரு தடவை சொல்லி வைங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல முகப்புத் தூணு அழகா இருக்குன்னு ஒரு பையன் ஸ்டேட்டஸ் போட்டான், ஓரத்துல பொண்ணு நின்னுக்கிட்டு இருந்தா, மறுநாள் காலையில பாதி ஊருக்குத் தெரிஞ்சு போச்சு, அந்தப் பேச்சு அப்படியே நின்னுடுச்சு.

பையன் தனியா அனுப்பலாமா

பெரியவங்க முன்னாடி நம்பர் கொடுத்துக்கிட்டாங்கன்னா அனுப்பலாம், பெரியவங்க மெசேஜ் போனதுக்கு அப்புறம். இன்ஸ்டாவுல தேடிப் பிடிச்சு அனுப்புறது கூடாது, அது அந்தப் பொண்ணுக்கு பயத்தைத்தான் தரும். ரெண்டு வரி போதும்: "இன்னைக்கு பேசுனது நல்லா இருந்துச்சு. உங்களுக்கும் பேசணும்னு தோணுச்சுன்னா, வீட்டுல சொல்லிட்டு ஒரு நாள் போன்ல பேசலாம்." பதில் வரலன்னா அதோட விட்டுடணும், ரெண்டாவது மெசேஜ் கிடையாது.

பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் பார்த்துட்டு வந்தாலும் இதே மாதிரிதான், அவுக எழுதுறதுல ஒரு குறைச்சலும் இல்ல. பொண்ணு வீடு முந்திக்கக் கூடாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. "நேர்ல வந்து பார்த்தது எங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு, மேற்கொண்டு பேச எங்க மகளுக்கும் விருப்பம், நீங்க பேசிட்டு பெரியவர்கிட்ட சொல்லுங்க"ன்னு எழுதுனா அதுல என்ன இறங்கிப் போறது இருக்கு.

பதில் வந்தா, வராட்டி

அன்னைக்கு ராத்திரியே இல்ல மறுநாள் காலையில பதில் வந்து, அதுல நாம சொன்ன விஷயத்தை அவுகளும் தொட்டு எழுதியிருந்தா மனசு இருக்குன்னு அர்த்தம். "நன்றி, பார்க்கலாம்"னு மட்டும் வந்தா இன்னும் அவுக வீட்டுல பேசி முடிக்கல, அவ்வளவுதான், அதுக்கு மேல அர்த்தம் தேடாதீங்க. ப்ளூ டிக் வந்து பதில் வரலன்னா இன்னொரு மெசேஜ் போடாம சொன்ன கிழமை வரைக்கும் பொறுத்திருங்க, சொன்ன நேரத்துக்கு பெரியவர் கூப்பிட்டே ஆகணும், அதைத் தவற விட்டா எழுதுன அத்தனையும் வீண். பெரியவர்கிட்ட "நட்சத்திரம் சரியா வரலையாம்"னு மாதிரி ஏதாவது சொல்லி அனுப்புனா, ஜாதகம்தான் முன்னாடியே பார்த்தாச்சேன்னு கேக்காதீங்க. அப்போ கடைசியா ஒரு வரி மட்டும் போடுங்க: "பெரியவர் சொன்னாரு அண்ணே. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனது எங்களுக்கு எப்பவும் சந்தோஷம்தான். உங்க மகளுக்கு நல்ல இடமா சீக்கிரம் அமையட்டும்." நாளைக்கு பிள்ளையார்பட்டியிலயோ ஒரு கல்யாண வீட்டுலயோ எதிர்ல பார்த்தா முகத்தைத் திருப்பிக்காம பேச முடியணும்ல.

எங்களுக்கு அன்னைக்கு அண்ணன்கிட்ட இருந்து பதில் வரல, பெரியவர் சொன்ன மாதிரியே அவரு போனைப் பார்க்கல. ஒம்போது மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆச்சிகிட்ட இருந்து தம்பி பொண்டாட்டிக்கு வந்துச்சு: "பணியாரப் பக்குவம் போன்ல சொன்னா வராது ஆச்சி, பக்கத்துல நின்னு பார்க்கணும். அப்பத்தா உங்க மாமியாரை கேட்டுக்கிட்டே இருக்காக." அதுக்கு அவ "பார்த்துக் கத்துக்கிறேன் ஆச்சி"ன்னு மட்டும் போட்டுட்டு போனை சார்ஜ்ல வச்சுட்டா, புதன்கிழமை வரைக்கும் வேற ஒண்ணும் போடல.